ஒரு காது மட்டும் கேக்கறவங்களுக்கு மோனோவா பேலன்ஸா, முதல்ல எதை மாத்தணும்?

கேள்வி: எனக்கு இடது காது சின்ன வயசுலேர்ந்தே சுத்தமா கேக்காது, வலது காது நல்லா கேக்கும். போன்ல பேலன்ஸை முழுசா வலது பக்கம் தள்ளி வெச்சுட்டுதான் ஹெட்போன் போடறேன். ஆனாலும் சில வீடியோல ஒருத்தர் பேசறதே கேக்க மாட்டேங்குது, சில பாட்டுல ஏதோ வாத்தியம் காணாம போன மாதிரி இருக்கு. மோனோ ஆடியோன்னு ஒரு செட்டிங் இருக்காமே, அதை போட்டா போதுமா, இல்ல பேலன்ஸும் சேத்து வைக்கணுமா?

பதில்:

மோனோவை ஆன் பண்ணுங்க, பேலன்ஸை நடுவுக்கு கொண்டு வாங்க. உங்க பிரச்சனைல முக்காவாசி அதுலயே தீந்துடும். அதுக்கு அப்புறமா வேணும்னா பேலன்ஸை வலது பக்கம் தள்ளிக்கலாம், ஆனா அது கட்டாயம் இல்ல.

ஏன்னு சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சுட்டா எந்த டிவைஸ் கைல கெடச்சாலும் நீங்களே சரி பண்ணிக்கலாம். ஸ்டீரியோ ஃபைல்னா உள்ள ரெண்டு தனித்தனி டிராக் ஓடுது, ஒண்ணு இடது சேனல், இன்னொண்ணு வலது சேனல். ஹெட்போன் போட்டா இடது சேனல் இடது காதுக்கு மட்டும், வலது சேனல் வலது காதுக்கு மட்டும் போகும், நடுவுல கலக்கறதுக்கு வழியே இல்ல. பேலன்ஸ் ஸ்லைடர் என்ன பண்ணுதுன்னா ஒரு பக்கத்தோட வால்யூமை கொறைக்குது, அவ்ளோதான். வலது பக்கம் தள்ளினா இடது சேனல்ல இருக்கறது வலது பக்கத்துக்கு வந்து சேந்துடும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, அப்படி வராது. இடது சேனலோட சத்தம் பூஜ்யமாகும், வலது சேனல் ஏற்கனவே எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும்.

உங்க விஷயத்துல இதை கொஞ்சம் யோசிச்சு பாருங்க. உங்க இடது காதுல ஒண்ணும் கேக்காது. ஹெட்போன்ல இடது பக்க சத்தத்தை நிறுத்தினா உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியப்போறதில்ல, அந்த பக்கம் ஓடினாலும் நின்னாலும் ஒண்ணுதான். அதாவது இத்தனை நாளா அந்த ஸ்லைடர் உங்களுக்கு ஒண்ணுமே பண்ணல. இன்னும் மோசம் என்னன்னா, ஹெட்போனை கழட்டிட்டு ஸ்பீக்கர்ல கேக்கும்போதும் அதே செட்டிங் வேலை செஞ்சா, அங்க அது நேரா கெடுதல் பண்ணுது. ஸ்பீக்கர்ல வர இடது சேனல் காத்து வழியா வந்து உங்க வலது காதுல கேட்டிருக்கும், அதையும் நீங்களே நிறுத்தி வெச்சிருக்கீங்க.

மோனோ பண்றது வேற. ரெண்டு சேனலையும் கூட்டி ஒண்ணாக்கி, அந்த ஒரே கலவையை ரெண்டு பக்கமும் அனுப்புது. வலது காதுல இப்ப ரெண்டு டிராக்ல இருந்ததும் வந்துடும்.

நீங்க சொன்ன "ஒருத்தர் பேசறது கேக்கல" வீடியோ அனேகமா இப்படித்தான் இருக்கும். ரெண்டு பேர் பேட்டி, ஆளுக்கு ஒரு காலர் மைக், ரெண்டு மைக்கும் ஒரே ரெக்கார்டர்ல போகுது, ஒண்ணு இன்புட் ஒண்ணுல, இன்னொண்ணு இன்புட் ரெண்டுல. ரெக்கார்டர் அதை ஒரு ஸ்டீரியோ ஃபைலா எழுதிடும், கேள்வி கேக்கறவர் முழுசா இடது சேனல், பதில் சொல்றவர் முழுசா வலது சேனல். எடிட் பண்றவர் ரெண்டையும் பிரிச்சு நடுவுல வெக்கணும், வெக்காம அப்படியே ஏத்திடுவாங்க, ஏன்னா அவங்க ஸ்பீக்கர்ல கேட்டா ரெண்டு பேரும் நல்லாத்தானே கேக்கறாங்க. உங்களுக்கு கேள்வியே இல்லாம பதில் மட்டும் வரும். நடுநடுவுல தூரத்துல யாரோ முனகற மாதிரி கேட்டா, அது பதில் சொல்றவரோட மைக்ல கொஞ்சம் கசிஞ்சு ஏறின எதிர் ஆள் குரல். அந்த முனகல் சத்தம் கேட்டாலே இந்த மாதிரி ஃபைல்தான்னு முடிவு பண்ணிக்கலாம்.

பாட்டுலயும் இதேதான். 1960கள்ல வந்த பல ஸ்டீரியோ பதிவுகள்ல குரல் மொத்தமா ஒரு பக்கம், வாத்தியம் மொத்தமா இன்னொரு பக்கம்னு இருக்கும், ஒரு காதுல கேட்டா பாட்டே இல்லாம வெறும் வாத்தியம் ஓடும், இல்ல வாத்தியமே இல்லாம குரல் மட்டும் ஓடும். இப்ப வர பாட்டுல குரல், பேஸ், டிரம்ல கிக் எல்லாம் பொதுவா நடுவுல வெக்கறாங்க, அதனால பாட்டு முழுசா கேக்கற மாதிரியே இருக்கும், ஆனா ஓரத்துல வெச்ச கிட்டார், ஒரு பக்க கோரஸ், ஒரு பதில் வாத்தியம் இதெல்லாம் போயிடும். முழுசா கேட்ட ஒருத்தர் பக்கத்துல இருந்து சொன்னாதான் தெரியும்.

சரி, எங்க இருக்குன்னு பாப்போம். ஐபோன்ல Settings > Accessibility > Audio & Visual போனா Mono Audio இருக்கும், அதுக்கு கீழயே L, R போட்ட Balance ஸ்லைடர். சாம்சங்ல Settings > Accessibility > Hearing enhancements, அங்க Mono audio, அதே பக்கத்துல Left/right sound balance. பிக்சல்ல Settings > Accessibility > Audio adjustment. மத்த ஆண்ட்ராய்ட் போன்ல மெனு பேரு கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால Settings மேல இருக்கற தேடற பெட்டில mono-ன்னு டைப் பண்றதுதான் சுலபம். விண்டோஸ் 11-ல Settings > Accessibility > Audio > Mono audio. பேலன்ஸ் அங்க இருக்காது, Settings > System > Sound போயி உங்க ஹெட்போன் பேரை கிளிக் பண்ணா Left channel, Right channel-னு ரெண்டு ஸ்லைடர் வரும். மேக்ல System Settings > Accessibility > Audio-ல Play stereo audio as mono, பேலன்ஸ் மட்டும் System Settings > Sound > Output-ல தனியா இருக்கும். மேக்ல பேலன்ஸ் தானா ஒரு பக்கம் நகந்து போறது ரொம்ப வருஷமா பல பேர் சொல்ற புகார், அதனால ஏதாவது கொறையற மாதிரி தோணினா முதல்ல அதை எட்டி பாருங்க.

போட்டதுக்கு அப்புறம் வேலை செய்யுதான்னு பாக்க பாட்டு கேட்டு முடிவு பண்ணாதீங்க, பாட்டுல ஏமாந்துடுவோம், ஏன்னா நடுவுல இருக்கறது எப்படியும் கேக்கும். போன்ல பேசி பாத்தும் முடிவு பண்ணாதீங்க, ப்ளூடூத் ஹெட்செட்ல கால் பேசும்போது வர ஆடியோ ஏற்கனவே மோனோதான், செட்டிங் எப்படி இருந்தாலும் ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் வரும். நெறைய பேர் "கால் நல்லா கேக்குது, அதனால செட்டிங் சரியா இருக்கு"ன்னு விட்டுடறாங்க. சரியான டெஸ்ட்னா, கேக்காத பக்க சேனல்ல மட்டும் சத்தம் இருக்கற ஒரு ஃபைல். "லெஃப்ட்", "ரைட்"னு மாத்தி மாத்தி சொல்ற டெஸ்ட் வீடியோ எங்க தேடினாலும் கெடைக்கும், அது போதும். கம்ப்யூட்டர்ல ffmpeg-ங்கற ஆடியோ, வீடியோ மாத்தற டூல் இருந்தா நீங்களே பண்ணிக்கலாம், இது இடது பக்கம் மட்டும் 3 செகண்ட் ஒரு விசில் மாதிரி சத்தம் வெக்கும்:

```
ffmpeg -f lavfi -i "sine=frequency=440:duration=3" -af "pan=stereo|c0=c0|c1=0*c0" left.wav
```

வலது காதுதான் கேக்காதுன்னா c0=0*c0, c1=c0-ன்னு மாத்திக்கோங்க. மோனோ ஆஃப்ல இந்த ஃபைலை ஓட்டினா உங்களுக்கு அமைதியா இருக்கணும், ஆன் பண்ணா வலது காதுல கேக்கணும். ரெண்டுமே அமைதின்னா மோனோ வேலை செய்யல. ரெண்டுலயுமே கேக்குதுன்னா வேற எங்கயோ ஏற்கனவே மோனோ ஆயிட்டு இருக்கு, ஆப்லயோ, இயர்பட்லயோ. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, மோனோவை இன்னொரு தரம் மோனோ பண்ணா எதுவும் மாறாது.

இப்ப பேலன்ஸ். மோனோ ஆன் ஆனதுக்கு அப்புறம் பேலன்ஸை வலது பக்கம் முழுசா தள்ளினா என்ன லாபம்னா, கேக்காத காதுல வீணா சத்தம் ஓடாது, பக்கத்துல இருக்கறவங்களுக்கு அந்த பக்கத்துலேர்ந்து கசியாது, வெறுமனே கழுத்துல தொங்கற இடது இயர்பட் கத்திட்டு இருக்காது. அவ்ளோதான், உங்க காதுல விழறது மாறாது. இதுல ஒரே ஒரு விஷயம் கவனிக்கணும், வரிசை. கலக்கறது முதல்ல நடக்கணும், பக்கம் தள்றது அப்புறம் நடக்கணும். போனோட Accessibility-ல இருக்கற ரெண்டையும் சேத்து போட்டா இது சரியாதான் வரும். பிரச்சனை எங்க வரும்னா சில மியூசிக் ஆப், ஈக்வலைசர் ஆப் உள்ளயே தனியா ஒரு பேலன்ஸ் இருக்கும். அதை வலது பக்கம் தள்ளினா இடது சேனல் ஆப்க்குள்ளயே செத்துடும், அதுக்கு அப்புறம் சிஸ்டம் மோனோ கலக்க உக்காந்தா கலக்க ஒண்ணுமே மிச்சம் இருக்காது. வலது சேனல்ல பாதி சத்தம்தான் ரெண்டு பக்கமும் வரும். அதனால ஆப்புக்குள்ள இருக்கற பேலன்ஸை எப்பவும் நடுவுலயே விடுங்க. சந்தேகம் இருந்தா மறுபடியும் அந்த left.wav, எல்லா செட்டிங்கும் போட்ட பிறகு, நீங்க வழக்கமா கேக்கற அதே ஆப்லயே ஓட்டி பாருங்க. கேட்டா வரிசை சரி.

மோனோ போட்டதும் சில பேருக்கு "சத்தம் கொறஞ்சு போச்சே"ன்னு தோணும். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ரெண்டு சேனலை அப்படியே கூட்டினா சத்தம் எல்லை தாண்டி கரகரன்னு உடையும், அதனால பொதுவா கூட்டி பாதி ஆக்குவாங்க, (L+R)/2. நடுவுல இருக்கற குரல் ரெண்டு சேனல்லயும் ஒரே அளவு இருக்கறதால கூட்டி பாதி ஆக்கினா பழைய அளவுக்கே வந்துடும். ஆனா ஒரே ஒரு சேனல்ல மட்டும் இருக்கறது பாதி ஆயிடும், டெசிபல்ல சொன்னா 6 கொறையும். மேல சொன்ன பேட்டியை எடுத்துக்கோங்க. கேள்வி கேக்கறவர், பதில் சொல்றவர் ரெண்டு பேரும் தனித்தனி சேனல், மோனோல ரெண்டு பேருமே 6 டெசிபல் கீழ எறங்குவாங்க. ஆரம்பத்துல வர டைட்டில் மியூசிக்ல முக்கியமானதெல்லாம் நடுவுல இருக்கும், அது எறங்காது. நீங்க பேச்சு கேக்கலையேன்னு வால்யூமை ஏத்தி வெச்சிருப்பீங்க, நடுவுல விளம்பரமோ மியூசிக்கோ வந்தா காதை அறையும். இது மோனோ கெட்டுப்போனதால வர்றது இல்ல, கூட்டல் அப்படித்தான் இருக்கும். விண்டோஸ்ல சில சவுண்ட் டிரைவர்ல Loudness Equalization-னு ஒரு ஆப்ஷன் இருக்கும், பேச்சு கேக்கும்போது அதை ஆன் பண்ணா இந்த ஏத்த எறக்கம் நல்லாவே அடங்கும், பாட்டுக்கு மட்டும் அதை ஆஃப் பண்ணிடுங்க, பாட்டோட உயிர் போயிடும்.

இந்த இடத்துல காதை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா உங்ககிட்ட இருக்கறது ஒரே காது. ரெண்டு காதால கேக்கும்போது மூளை ரெண்டையும் சேத்து எடுத்துக்கும், அதே சத்தத்தை ஒரு காதால கேட்டா ஏறக்குறைய 3 முதல் 6 டெசிபல் கம்மியா தெரியும். அதுக்கு மேல மோனோல ஓரத்து சத்தம் 6 எறங்குது. ரெண்டும் சேந்து, ஒரு காதுக்காரங்க தன்னையறியாமலே மத்தவங்களை விட வால்யூமை ஏத்தி வெக்கறாங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 83-ல 20 மணி நேரம், 86-ல 10 மணி நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் 86-ல கேட்டா அஞ்சு நாள்ல அந்த வாரத்துக்கான கணக்கு முடிஞ்சுது. ஐபோன்ல Settings > Sounds & Haptics > Headphone Safety-ல Reduce Loud Audio-ன்னு ஒண்ணு இருக்கு, அதுல 80-ஓ 85-ஓ வெச்சா அதுக்கு மேல போனே போக விடாது. நீங்க ஐபோன் வெச்சிருந்தா இதை இன்னிக்கே போடுங்க. இரைச்சல்ல கேக்கறதுக்காக வால்யூமை ஏத்தறதை விட நாய்ஸ் கேன்சலிங் இருக்கற ஹெட்போனோ, காதை நல்லா அடைக்கற இயர்பட்டோ ரொம்ப மேல், வெளிய சத்தம் கொறஞ்சாலே உள்ள வால்யூம் தானா எறங்கிடும்.

அடுத்தது மோனோவே கவுத்துடற ஒரு விஷயம். அபூர்வம்தான், ஆனா வந்தா ரொம்ப கொழப்பும். சில ஃபைல்ல ஒரு சேனல் இன்னொண்ணோட தலைகீழ் பிரதியா இருக்கும், ஒண்ணு மேல போகும்போது இன்னொண்ணு கீழ போகும். ஒரு கேபிள்ல ரெண்டு வயர் மாறி சால்டர் ஆயிருந்தா, இல்ல ஒரு மைக்கோட பின் மாறியிருந்தா இப்படி ஆகும். ரெண்டு காதுல கேக்கறவங்களுக்கு ஏதோ விரிஞ்ச மாதிரி, தலைக்குள்ள அழுத்தற மாதிரி இருக்கும், ஆனா கேக்கும். மோனோ பண்ணா ப்ளஸ்சும் மைனஸும் கூடி பூஜ்யம், குரலே காணாம போயிடும். முழுசா போகலன்னா டப்பாக்குள்ள பேசற மாதிரி வெறுமையா கேக்கும். அடையாளம் இதுதான்: மோனோ ஆன்ல குரல் போகுது, ஆஃப் பண்ணா அதே குரல் வலது காதுல திடமா கேக்குது. கடைசில சொல்லப்போற கேமை விட்டா, மோனோவை ஆஃப் பண்றது நல்லா இருக்கற இடம் அனேகமா இது ஒண்ணுதான். அந்த ஃபைலுக்கு மட்டும் மோனோவை ஆஃப் பண்ணிட்டு கேளுங்க, ஒரு சேனலை தனியா கேட்டா அது தலைகீழா இருக்கறது காதுக்கு தெரியவே தெரியாது. விஎல்சில Audio > Stereo Mode > Left வெச்சாலும் வேலை முடிஞ்சுது, அப்ப இடது சேனல் மட்டுமே ரெண்டு பக்கமும் போகும். அடிக்கடி கேக்கற பாடம் மாதிரி ஏதாவதுன்னா ஒரு சேனலை மட்டும் எடுத்து புது ஃபைலா பண்ணிடலாம்:

```
ffmpeg -i talk.mp4 -c:v copy -af "pan=mono|c0=c0" talk_fixed.mp4
```

வீடியோ அப்படியே இருக்கும், ஆடியோ மட்டும் முதல் சேனலாகும்.

குரல் காணாம போறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது ஃபைல்ல இல்ல, ஜாக்ல. வயர் ஹெட்போன் பின் முழுசா உள்ள போகாம பாதில நின்னா, கிரவுண்ட் தொடாம போய் ரெண்டு சேனலோட வித்தியாசம் மட்டும் கேக்கும், நடுவுல இருக்கற குரல் போயி எதிரொலியும் ஓரத்து வாத்தியமும் மட்டும் மிஞ்சும். எல்லா பாட்டுலயும் குரல் போகுதுன்னா செட்டிங்கை நோண்டறதுக்கு முன்னாடி பின்னை அழுத்தி பாருங்க.

வயர்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். மோனோ ஆப்ஷனே இல்லாத பழைய டிவி, பழைய பிளேயர்ல, லெஃப்ட் ரைட் ரெண்டு வயரையும் ஒண்ணா முறுக்கி ஒரே இயர்போனுக்கு குடுத்தா போதும்னு சில பேர் யோசனை சொல்வாங்க. பண்ணாதீங்க. ரெண்டு அவுட்புட்டும் ஒண்ணை ஒண்ணு எதிர்த்து தள்ளும், சத்தம் உடையும், ஆம்ப் சூடாகி கெட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கு. ஒவ்வொரு சேனல்லயும் ஒரு ரெசிஸ்டர் போட்டு அப்புறம்தான் சேக்கணும், லைன் அவுட்டுக்கு 470 ஓம்லேர்ந்து 1 கிலோ ஓம் வரைக்கும் ஏதாவது ஒண்ணு சரியா வரும். அப்படி சேத்ததை நேரா இயர்போனுக்கு குடுத்தா சத்தம் ரொம்ப கம்மியா வரும், நடுவுல ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப் வேணும். இதெல்லாம் தலைவலின்னா அந்த டிவியை ஸ்பீக்கர்ல வெச்சு, வலது காது டிவி பக்கம் இருக்கற மாதிரி உக்காருங்க. ஸ்பீக்கர்ல ரெண்டு சேனலும் அறைக்குள்ளயே கலந்துதான் வருது, மோனோ அங்க பெருசா தேவைப்படாது. மோனோ உயிர் நாடியா இருக்கறது ஹெட்போன்லதான்.

ஒத்தை இயர்பட் மட்டும் போடற பழக்கம் இருந்தா, சில வயர்லெஸ் இயர்பட் ஒண்ணை மட்டும் கேஸ்லேர்ந்து எடுத்தா தானா மோனோவுக்கு மாறிடும், சிலது மாறாது, வலது சேனலை மட்டும் குடுத்துட்டு சும்மா இருக்கும். பாக்ஸ்ல போட்டிருக்கறதை நம்பாம left.wav ஓட்டி பாருங்க. போன்லயே மோனோ ஆன்ல இருந்தா இந்த கவலையே வேண்டாம், எந்த இயர்பட்டா இருந்தாலும் முழுசா வரும்.

Bone conduction ஹெட்போன் பத்தி நெறைய பேர் கேப்பாங்க, அது ஒரு தனி கதை. அது எலும்பு வழியா அதிர்வை அனுப்புது, மண்டை ஓட்டுல ஒரு பக்கம் தட்டினா இன்னொரு பக்கத்து உள்காதுக்கும் பெரும்பாலும் கொறையாம போயிடும். அதனால இடது பக்கம் ஓடற சேனலும் உங்க வலது உள்காதுல கேக்கும், மோனோ போடாமலே பாதி வேலை நடந்துடும். உச்ச சுருதி சத்தம் மட்டும் கடந்து வரும்போது கொஞ்சம் மங்கும், அதனால அதுலயும் மோனோ போட்டுக்கறது நல்லது. சாதா ஹெட்போன்ல இந்த கதை நடக்காது, கேக்காத பக்கம் போடற சத்தம் தலையை தாண்டி வரதுக்குள்ள 40 டெசிபல் அளவுக்கு கொறஞ்சுடும், அதனால அந்த பக்கத்தை கூட்டி வெச்சு கேக்க பாக்கறதுல பிரயோஜனம் இல்ல.

இதை படிக்கறவங்கள்ல ஒரு காது சுத்தமா கேக்காதவங்க இல்லாம, கொஞ்சம் மங்கலா கேக்கறவங்க இருந்தா, உங்களுக்குத்தான் பேலன்ஸ் நெஜமாவே வேலை செய்யும். ஆனா அது மங்கலான பக்கத்தை ஏத்தாது, நல்ல பக்கத்தை எறக்கும், அப்புறம் மொத்த வால்யூமை நீங்க ஏத்திக்கணும். ஒரே அடியா கடைசி வரைக்கும் தள்ளாம, நடுவுல இருக்கற ஒரு பேச்சு குரல் தலைக்கு நடுவுல வர வரைக்கும் மெதுவா நகத்துங்க, அதுதான் உங்க இடம். ஒரு காதுல சத்தம் கேட்டாலும் வார்த்தை பிரிஞ்சு புரியலன்னா பேலன்ஸால சரியாகாது, அங்க மோனோதான் வழி. ஆப்பிள் அல்லது பீட்ஸ் ஹெட்போன்ல இதுக்கு சப்போர்ட் இருந்தா, ஐபோன்ல Headphone Accommodations-ல உங்க காது டெஸ்ட் ரிப்போர்ட்டான ஆடியோகிராமை குடுத்தா எந்த காதுல எந்த சுருதி கம்மியோ அதை மட்டும் ஏத்திக் குடுக்கும், வெறும் பேலன்ஸை விட அது எவ்வளவோ மேல்.

கடைசியா கேம், நீங்க கேக்கல, ஆனா மோனோ போட்டதும் முதல்ல அடி வாங்கறது அதுதான். சத்தம் எந்த பக்கத்துலேர்ந்து வருதுங்கற தகவல் ரெண்டு சேனலோட வித்தியாசத்துல இருக்கு, மோனோ அந்த வித்தியாசத்தை அழிச்சுடும். காலடி சத்தம் கேக்கும், கிட்டயா தூரமான்னு தெரியும், எந்த பக்கம்னு தெரியாது. மோனோ ஆஃப்னா இடது பக்கம் வர ஆளோட காலடி ரொம்ப மெல்லிசா கேக்கும், இல்ல கேக்கவே கேக்காது. ஆனா கேமராவை சுத்தினா சத்தம் வலது காதுல ஏறி எறங்கும், எப்ப அதிகமா இருக்கோ அப்ப ஆள் உங்க வலது பக்கம்னு கண்டுபிடிச்சுடலாம், பழகினவங்க இதை வேகமாவே பண்ணுவாங்க. என்னோட கருத்து, ஆளை தேடி சுடற கேம்ல மோனோவை ஆஃப் பண்ணிட்டு கேமரா சுத்தற பழக்கத்தை வளத்துக்கோங்க, கதை கேம், கட்சீன், வாய்ஸ் சாட்டுக்கு ஆன்ல விடுங்க. ஃபோர்ட்நைட்ல Visualize Sound Effects ஆன் பண்ணா காலடி, துப்பாக்கி, பெட்டி எல்லாம் எந்த திசைல இருக்குன்னு திரைல வட்டமா காட்டும், அது இருந்தா மோனோ ஆன்லயே ஆடலாம். ஸ்பேஷியல் ஆடியோ, வர்ச்சுவல் சரவுண்ட் மாதிரி ஏதாவது ஆன்ல இருந்தா அதை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. அது ரெண்டு காதுக்கும் போற சத்தத்துல நேரத்தையும் அளவையும் வேணும்னே மாத்தி வெக்குது, அதை மோனோல கூட்டினா சில சுருதி ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு குரல் மந்தமா குழாய்க்குள்ள பேசற மாதிரி ஆகும். மோனோ ஆன், ஸ்பேஷியல் ஆஃப், ஆப் பேலன்ஸ் நடுவுல. உங்க வலது காதுக்கு இது போதும், அந்த பேட்டியை மறுபடி ஓட்டி பாருங்க, கேள்வி கேக்கறவர் இப்ப கேப்பாரு.